யூ.எஸ்.பி. டாங்கிள் வழி ஹெட்செட் இணைப்பும் உரையாடல் ஒலியும் (பிளேஸ்டேஷன் 5)

யூ.எஸ்.பி. டாங்கிள் என்பது கம்பியில்லா ஹெட்செட்டுக்கும் விளையாட்டுக் கன்சோலுக்கும் இடையே ஒலியைக் கடத்தும் சிறு வானொலிக் கருவி. கன்சோலின் யூ.எஸ்.பி. துளையில் செருகப்படும் இது, விளையாட்டின் ஒலியையும் நண்பர்களின் குரலையும் ஹெட்செட்டுக்கு அனுப்புகிறது. அணிந்திருப்பவரின் குரலை மைக்கிலிருந்து கன்சோலுக்குக் கொண்டுவருகிறது. இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் 5-ஐயும், அதற்கென சோனி வெளியிட்ட பல்ஸ் 3டி ஹெட்செட்டையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

டாங்கிள் தேவைப்படும் காரணம்

பிளேஸ்டேஷன் 5-இல் புளூடூத் இருந்தாலும் அது கட்டுப்பாட்டுக் கருவி போன்றவற்றுக்கே பயன்படுகிறது. கைப்பேசிக்கு வாங்கிய புளூடூத் ஹெட்செட்டை அது நேரடியாக ஏற்பதில்லை. புளூடூத்தின் வழக்கமான இசை முறை ஒருவழிப் பாதை என்பதால் அதில் மைக் இயங்காது. மைக் இயங்கும் அழைப்பு முறையிலோ ஒலியின் தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். டாங்கிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தனக்கென்று அமைந்த முறையில் இருவழியிலும் ஒலியைக் கடத்துவதால் தாமதமும் குறைவு. குறைந்த திறன் கருவிகளுக்கு இந்த அலைவரிசையில் தனி உரிமம் வேண்டாம் என்று இந்தியாவில் 2005-இல் விதி வந்தது.

டாங்கிளைக் கன்சோல் ஒரு வானொலிக் கருவியாகப் பார்ப்பதில்லை. ஒரு ஒலிபெருக்கியும் ஒரு மைக்கும் கம்பியில் செருகப்பட்டிருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. எனவே தனி மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

இணைக்கும் முறை

டாங்கிளைச் செருகி, ஹெட்செட்டின் சுவிட்சை நகர்த்தி இயக்க வேண்டும். ஹெட்செட்டின் விளக்கு முதலில் மினுக்கும். இணைப்பு கிடைத்ததும் நிலையாக எரியும். பிறகு Settings, அதனுள் Sound, அதனுள் Audio Output என்று சென்று, ஒலி வெளிவரும் கருவியாக ஹெட்செட் தெரிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். Sound பகுதியிலேயே உள்ள Microphone பக்கத்தில் மைக்காகவும் அதே ஹெட்செட் இருக்க வேண்டும். ஒலி ஹெட்செட்டிலும் மைக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் என்று பிரிந்து நிற்பது அடிக்கடி நேர்வது.

முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் முன்பக்கத்தில் வழக்கமான அகலத் துளை ஒன்று உண்டு. 2023-இன் இறுதியில் வந்த மெலிந்த வடிவத்தில் முன்பக்கத் துளைகள் இரண்டும் சி வகை. எனவே அதில் அகல முனை கொண்ட டாங்கிளைப் பின்பக்கத்தில்தான் செருக முடியும்.

பிற நிறுவனங்களின் சில டாங்கிள்களில் எந்தக் கன்சோலுக்கு என்று தெரிவுசெய்யும் சிறு சுவிட்ச் இருக்கும். அது எக்ஸ்பாக்ஸ் பக்கம் நின்றால் பிளேஸ்டேஷன் அதை ஒலிக்கருவியாக அறியாமல் போகலாம். சில டாங்கிள்கள் ஹெட்செட் அணைந்திருந்தாலும் இணைந்ததாகவே காட்டும். அப்போது தொலைக்காட்சியிலும் ஒலி வராது. டாங்கிளைப் பிடுங்கினால் ஒலி திரும்பும்.

உரையாடல் ஒலி குறைவதற்கான காரணங்கள்

நண்பரின் குரல் காதுக்கு வருமுன் பல படிகளைத் தாண்டுகிறது: அவருடைய மைக் அளவு, பார்ட்டியில் அவருக்கு வைக்கப்பட்ட அளவு, விளையாட்டுக்கும் உரையாடலுக்கும் இடையிலான சமநிலை, கன்சோலின் ஹெட்போன் அளவு, கடைசியாக ஹெட்செட்டின் சொந்த அளவு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் முடிவில் குரல் மெலிகிறது.

இவற்றுள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது சமநிலை. அது குரலைப் பெருக்குவதில்லை. உரையாடல் பக்கம் நகர்த்தினால் விளையாட்டின் ஒலியைத்தான் குறைக்கிறது. அதனால் சமநிலையை மட்டும் மாற்றுபவர், எல்லா ஒலியும் மெலிந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறார். சமநிலையை நகர்த்திய பிறகு மொத்த ஒலியை உயர்த்தினால்தான் குரல் மேலெழும். இந்தச் சமநிலை இரண்டு இடங்களில் கிடைக்கிறது: கன்சோலின் ஒலி அமைப்பில் ஒன்று, பல்ஸ் 3டி-யின் இடக் காதுப் பகுதியில் உள்ள பொத்தான்களில் மற்றொன்று. விளையாடும்போது கைபட்டு அந்தப் பொத்தான் அழுந்தினால், எந்த அமைப்பையும் தொடாமலேயே குரல் குறைந்ததுபோலத் தோன்றும்.

சரிசெய்யும் வரிசை: ஓர் எடுத்துக்காட்டு

நால்வர் பார்ட்டியில் பேசியபடி விளையாடுகிறார்கள். துப்பாக்கிச் சத்தத்தில் மற்ற மூவரின் குரலும் ஒருவருக்குக் கேட்பதில்லை. மூவருமே மெல்லக் கேட்பதால் குறை அவரவர் மைக்கில் இல்லை, கேட்பவரின் பக்கத்தில்தான். ஒருவரின் குரல் மட்டும் மெலிந்திருந்தால், பார்ட்டியில் அவர் பெயரைத் தெரிவுசெய்து அவருக்கான அளவை உயர்த்துவதே முதல் வேலையாக இருந்திருக்கும்.

முதலில் விளையாட்டை நிறுத்திவைத்து, அமைதியில் குரல் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். அமைதியில் தெளிவாகக் கேட்டால் சிக்கல் சமநிலையில் இருக்கிறது: அதை உரையாடல் பக்கம் இரண்டு மூன்று படி நகர்த்தி, பிறகு மொத்த ஒலியை உயர்த்தலாம். பல விளையாட்டுகளில் வெடிச்சத்தத்துக்கும் மெல்லொலிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கும் இரவு முறை உண்டு. அதுவும் குரலுக்கு இடம்விடும்.

அமைதியிலும் குரல் மெலிந்தே இருந்தால் கன்சோலின் ஹெட்போன் அளவைப் பார்க்க வேண்டும். அதை உச்சத்துக்கு அருகில் வைத்துவிட்டு, அன்றாடக் கூட்டல் குறைத்தலை ஹெட்செட்டில் செய்வதே நல்லது. முன்னதாக ஹெட்செட்டின் அளவைக் குறைத்துக்கொண்டால் காதுக்குத் திடீர் அதிர்ச்சி இராது. பேசுவது பார்ட்டியில் இல்லாமல் விளையாட்டுக்குள் இருக்கும் உரையாடல் வசதியில் என்றால், அந்த விளையாட்டின் ஒலிப் பக்கத்திலும் குரலுக்குத் தனி அளவு இருக்கும்.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுக் கேட்க வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாது.

நம் குரல் பிறருக்குக் கேட்காதபோது

மேற்கண்ட எந்த மாற்றமும் இதற்கு உதவாது. ஹெட்செட்டின் மியூட் பொத்தானைப் பார்த்த பிறகு, Microphone பக்கத்தில் Adjust Microphone Level என்பதைத் திறந்து இயல்பாகப் பேச வேண்டும். அளவுகோல் திரையில் குறிக்கப்பட்ட எல்லைக்குள் ஆட வேண்டும். அதற்கு மேலே ஏற்றினால் குரல் கரகரக்கும். மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து போகும்.

அலை இடையூறு

குரல் மெலியாமல் விட்டுவிட்டு வந்தால் அது அளவுச் சிக்கல் அன்று. வைஃபை ரூட்டரும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. யூ.எஸ்.பி. 3.0 கருவிகளும் கம்பிகளும் இந்த அலைவரிசையில் இரைச்சல் எழுப்புவதை இன்டெல் நிறுவனம் 2012-இல் ஓர் ஆய்வறிக்கையில் காட்டியது. எனவே பின்பக்கத்தில் வன்தட்டுக்குப் பக்கத்தில் செருகிய டாங்கிள் திணறக்கூடும். முனை பொருந்தினால் முன்பக்கத் துளைக்கு மாற்றுவதோ, குட்டையான நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வைப்பதோ தீர்வு.

வரம்புகள்

டாங்கிள்கள் ஒன்றுக்கு ஒன்று மாற்றாவதில்லை. பல்ஸ் எலீட் ஹெட்செட் பிளேஸ்டேஷன் லிங்க் என்ற வேறு முறையில் இயங்குவதால் பல்ஸ் 3டி-யின் டாங்கிள் அதற்குப் பொருந்தாது. பிளேஸ்டேஷனுக்கு மட்டுமான டாங்கிள் எக்ஸ்பாக்ஸிலும் இயங்காது.

எல்லாம் செய்தும் தீராதபோது ஹெட்செட்டை 3.5 மில்லிமீட்டர் கம்பியால் கட்டுப்பாட்டுக் கருவியில் இணைத்துப் பார்க்கலாம். அதில் குரல் உரக்கக் கேட்டால் குறை டாங்கிளிலோ ஹெட்செட்டின் சமநிலைப் பொத்தானிலோ இருக்கிறது. அதிலும் மெலிந்தே கேட்டால் கன்சோலின் அமைப்பையோ பேசுபவரின் மைக்கையோதான் பார்க்க வேண்டும்.