நாலு நாற்காலி, அஞ்சு பேர்: மோட்பஸ் ஈதர்நெட்டுக்குக் குடிவந்த கதை

வரலாறுன்னாலே ராஜா ராணி கதையாத்தான் இருக்கணுமா என்ன? நம்ம பதிவுலகத்துல சோழர்களுக்கும் பல்லவர்களுக்கும் ஆள் இருக்காங்க. தொழிற்சாலைக்குள்ள ஓடுற ஒரு பழைய நெறிமுறைக்குத்தான் யாரும் இல்லை. அதனால இந்தப் பதிவு மோட்பஸ்ஸோட கதை. முழுக் கதையும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான்: ஒரே மீட்டரை பல கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்துல படிக்கப் போனா, ஏன் அடிக்கடி எல்லாரும் சேர்ந்து தடுமாறுறாங்க? இதுக்கு விடை 1979ல இருந்து ஆரம்பிக்குது.

ஒரே ஒரு மாஸ்டர்

மோடிகான் அமெரிக்கக் கம்பெனி. டிக் மார்லியும் அவரோட கூட்டாளிகளும் உருவாக்கின 084ங்கற பிஎல்சியால பேர் வாங்கினது. அந்தக் கம்பெனி தன்னோட பிஎல்சிகள் பேசிக்கறதுக்காக 1979ல வெளியிட்டதுதான் மோட்பஸ். சீரியல் கம்பியில ஓடறது. விதி ரொம்ப எளிமை: கம்பியில ஒரு மாஸ்டர்தான். 1 முதல் 247 வரை எண் போட்ட ஸ்லேவ்கள். மாஸ்டர் கேட்டாத்தான் ஸ்லேவ் வாயைத் திறக்கும். தானா எதையும் சொல்லாது.

இந்த விதியில ஒரு பெரிய சௌகரியம் ஒளிஞ்சிருக்கு. ஒரே ஆள்தான் கேட்கப் போறார்னா, ஒரு கேள்விக்கு பதில் வந்த பிறகுதான் அடுத்த கேள்வி. பதில் யாருக்குன்னு குழப்பமே இல்லை. சாதனத்துக்கு வரிசை வைக்க வேண்டாம், யார் யார் வந்திருக்காங்கன்னு ஞாபகம் வைக்க வேண்டாம். சின்ன மைக்ரோகன்ட்ரோலர்ல கூட எழுதிடலாம். மோட்பஸ் இவ்வளவு பரவினதுக்கு இந்த எளிமை முக்கியக் காரணம்.

1999: கதவு திறக்குது

மோடிகான் கைமாறி கைமாறி கடைசியில ஷ்னைடர் எலக்ட்ரிக் கைக்கு வந்தது. அங்கிருந்த ஆண்டி ஸ்வேல்ஸ் 1999 மார்ச்சுல திறந்த மோட்பஸ் டிசிபிக்கான ஆவணத்தை வெளியிட்டார். அதுல செஞ்ச வேலையை இப்படிச் சுருக்கலாம்: பழைய மோட்பஸ் செய்தியில பிழை சரிபார்க்கிற வால்பகுதியை எடுத்துட்டு (அந்த வேலையைக் கீழே இருக்கிற ஈதர்நெட்டும் டிசிபியும் பார்த்துக்கும்), முன்னாடி 7 பைட் தலைப்பு ஒண்ணு வச்சு, 502ங்கற போர்ட்ல அனுப்பு. 60 ரெஜிஸ்டர் படிக்கிற கேள்வி இப்படி இருக்கும்:

```
00 07 00 00 00 06 01 03 00 00 00 3C
```

முதல் ரெண்டு பைட் கேள்வியோட வரிசை எண், இங்கே 7. அடுத்த ரெண்டும் எப்பவும் பூஜ்யம். அப்புறம் மீதி நீளம் 6, யூனிட் எண் 1. அதுக்கப்புறம் வர்றது 1979 மோட்பஸ்ஸேதான்: 03ன்னா ரெஜிஸ்டர் படி, 0ல இருந்து ஆரம்பி, 3C அதாவது 60 கொடு.

நெறிமுறை பெருசா மாறலை. மாறினது விதி. ஈதர்நெட்ல ஒரே மாஸ்டர்னு யாராலயும் கட்டுப்படுத்த முடியாது. ஐபி முகவரி தெரிஞ்ச யார் வேணாலும் 502ஐத் தட்டலாம். சாதனத்துக்குள்ள இருந்த மென்பொருளோ இன்னும் ஒரே எஜமானரை எதிர்பார்த்துக்கிட்டு இருந்தது.

நாற்காலி ஏன் கம்மி?

ஒவ்வொரு டிசிபி கனெக்ஷனுக்கும் சாதனம் கொஞ்சம் நினைவகத்தை ஒதுக்கணும். நம்ம சர்வர்ல ஆயிரக்கணக்குல கனெக்ஷன் திறக்கறதை சாதாரணமா நினைக்கிறோம். மீட்டர்ல இருக்கிறதோ கையளவு நினைவகம். உதாரணத்துக்கு ரெண்டு. ஆர்டுயினோ ஈதர்நெட் பலகையில வந்த டபிள்யூ5100 சிப்புக்குள்ள மொத்தமே 4 சாக்கெட்தான், வன்பொருள்லயே முடிஞ்சுபோன கணக்கு. சின்ன சாதனங்கள்ல அதிகம் புழங்கற எல்டபிள்யூஐபிங்கற திறந்தமூல மென்பொருள்ல `MEMP_NUM_TCP_PCB`ங்கற எண்ணோட இயல்பு மதிப்பு 5. தயாரிப்பாளர் மாத்தலைன்னா அஞ்சு கனெக்ஷன்தான்.

சரி, நாற்காலி நிரம்பிடுச்சு, அடுத்த ஆள் வர்றார். என்ன செய்யறது? ரெண்டு வழி இருக்கு, ரெண்டுக்கும் தனித்தனி வியாதி இருக்கு.

முதல் வழி, புதுசா வர்றவரை வெளியே நிறுத்தறது. நியாயமாத்தான் தெரியுது. ஆனா ஒருத்தர் லேப்டாப்ல மீட்டரைப் பார்த்துட்டு கேபிளைப் பிடுங்கிட்டுப் போயிட்டார்னு வைங்க. "நான் கிளம்பறேன்"னு டிசிபி சொல்லவே இல்லை. மீட்டர் பொறுத்தவரை அவர் இன்னும் உட்கார்ந்திருக்கார். ஆள் இருக்காரான்னு தட்டிப் பார்க்கிற கீப்-அலைவ் வசதியோட வழக்கமான இயல்பு மதிப்பு 2 மணி நேரம். அந்த வசதியே இல்லைன்னா மீட்டரை அணைச்சுப் போடற வரைக்கும் அந்த நாற்காலி காலிதான், ஆனா யாரும் உட்கார முடியாது. "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சரியாயிடும்"னு ஃபீல்டுல சொல்றாங்களே, பாதி நேரம் காரணம் இந்தப் பேய்தான் :-)

இரண்டாவது வழி, இருக்கிறதுலயே பழைய கனெக்ஷனை வெட்டிட்டு புதுசுக்கு இடம் கொடுக்கறது. மோட்பஸ் அமைப்பு 2006ல வெளியிட்ட செயலாக்க வழிகாட்டி இதைத்தான் சொல்லுது. அதுல ரெண்டு கூட்டம் பிரிச்சிருக்காங்க. முக்கியமானவங்கன்னு ஐபியைக் குறிச்சு வச்சவங்களை சாதனம் தானா வெட்டாது. மத்தவங்க கூட்டத்துல இடம் நிரம்பினா, பழசு வெளியே. இதனால பேய் ஒழிஞ்சது. ஆனா முக்கியமானவங்க பட்டியலை சாதனம் தரலைன்னா, இல்ல தந்தும் யாரும் நிரப்பலைன்னா, இசை நாற்காலி ஆரம்பம்.

இசை நாற்காலி, விநாடி விநாடியா

ஒரு மீட்டர், 4 நாற்காலி. கட்டுப்பாட்டு அறை சர்வர், அதோட மாற்று சர்வர், மின்சாரக் கணக்கு பார்க்கிற மென்பொருள், கட்டட ஏசியைப் பார்த்துக்கற மென்பொருள். நாலு பேரும் சமாதானமா இருக்காங்க. அஞ்சாவதா ஒரு லேப்டாப் வருது. மீட்டர் கட்டுப்பாட்டு அறையை வெட்டுது. அது 1 விநாடி கழிச்சு திரும்ப வருது, மாற்று சர்வர் வெளியே. அது 1 விநாடியில வருது, கணக்கு மென்பொருள் வெளியே. இப்படியே சுத்துது. ஒவ்வொருத்தரும் 4 விநாடி உள்ளே, 1 விநாடி வெளியே.

இதுல கொடுமை என்னன்னா, 80 சதவீத நேரம் எல்லாம் நல்லாவே இருக்கும். திரையில மதிப்பு வரும், நடுவுல ஒரு சிவப்பு மின்னல், திரும்ப வந்துடும். எல்லாரும் கேபிளைச் சந்தேகப்படுவாங்க, சுவிட்சை மாத்துவாங்க. கண்டுபிடிக்கற வழி சுலபம். வயர்ஷார்க்ல இந்த வடிகட்டியைப் போட்டுப் பாருங்க:

```
tcp.port == 502 && (tcp.flags.syn == 1 || tcp.flags.fin == 1 || tcp.flags.reset == 1)
```

நல்லா இருக்கிற இடத்துல இது கிட்டத்தட்ட காலியா இருக்கணும், ஏன்னா கனெக்ஷனைத் திறந்தா திறந்தபடியே வச்சிருக்கணும்னுதான் வழிகாட்டியும் சொல்லுது. ஒருத்தரோட புது கனெக்ஷனும், அடுத்த நொடியே மீட்டர் பக்கத்துல இருந்து இன்னொருத்தருக்கு முடிவுச் செய்தியும் ஜோடி ஜோடியா வந்தா, கேபிள் மேல தப்பில்லை, நாற்காலிதான் பத்தலை. ஆனா ஒண்ணு, எல்லாரோட போக்குவரத்தும் தெரியற மாதிரி மீட்டர் பக்கத்து சுவிட்ச் போர்ட்டை மிரர் பண்ணி எடுக்கணும். ஒருத்தரோட கம்ப்யூட்டர்ல மட்டும் எடுத்தா பாதிக் கதைதான் தெரியும்.

உட்கார்ந்த பிறகு எவ்வளவு கேட்கறது?

நாற்காலி கிடைச்சாலும் சமையல்காரர் ஒருத்தர்தான். மீட்டர் ஒரு கேள்விக்கு 50 மில்லிவிநாடி எடுத்துக்குதுன்னு வைங்க. விநாடிக்கு 20 பதில். ஒரு கிளையன்ட் 60 ரெஜிஸ்டரை ஒவ்வொண்ணா கேட்டா ஒரு சுற்றுக்கு 3 விநாடி. நாலு பேரும் அப்படியே கேட்டா 12 விநாடி. அதையே மேலே பார்த்த மாதிரி ஒரே கேள்வியா கேட்டா நாலு பேருக்கும் சேர்த்து 200 மில்லிவிநாடி பக்கத்துல முடிஞ்சுடும். ஒரு கேள்வியில 125 ரெஜிஸ்டர் வரைக்கும் கேட்கலாம். ரெண்டு விஷயம் கவனிக்கணும். நடுவுல இல்லாத முகவரி இருந்தா சில மீட்டர் மொத்தக் கேள்வியையும் பிழை 02 சொல்லித் திருப்பிடும். அப்புறம் 32 பிட் மதிப்பு ரெண்டு ரெஜிஸ்டர்ல இருக்கும், அதை ரெண்டு கேள்வியா உடைச்சா மேல்பாதி பழசாவும் கீழ்பாதி புதுசாவும் வரலாம்.

12 விநாடி சுற்றை மெதுவா இருக்குன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. கிளையன்ட்டோட பொறுமை பதில் வர்ற நேரத்தைவிடக் கம்மின்னா, பதில் வர்றதுக்குள்ள அது கைவிட்டுட்டு அடுத்த கேள்வியை அனுப்புது. மீட்டருக்கு இது தெரியாது, பழைய கேள்விக்கும் உழைச்சு பதில் அனுப்புது. வரிசை எண்ணைச் சரிபார்க்காம எழுதின கிளையன்ட், 7க்கு வந்த பதிலை 8க்கு வந்ததா எடுத்துக்கும். அப்போ வோல்டேஜ் இருக்கிற இடத்துல கரன்ட் மதிப்பு வரும். பிழைச் செய்தி எதுவும் இல்லை, தப்பான எண் சரியான முகத்தோட உட்கார்ந்திருக்கும். மொத்தக் கதையிலயும் பயப்பட வேண்டிய இடம் இதுதான்.

திரும்பவும் ஒரே மாஸ்டர்

தீர்வு என்ன? நடுவுல ஒரே ஒரு ஆள் மீட்டரைப் படிக்கணும், மத்தவங்க எல்லாம் அவர்கிட்ட கேட்டுக்கணும். வேடிக்கை என்னன்னா இந்த யோசனை மோட்பஸ் டிசிபி ஆவணத்தைவிட மூத்தது. 1996ல வந்த ஓபிசியில சர்வர் சாதனத்தைப் படிச்சு வச்சுக்கும், கிளையன்ட்கள் சர்வரோட சேமிப்புல இருந்து எடுத்துக்கலாம். ஒவ்வொரு மதிப்போடயும் அது எப்போ எடுத்தது, நம்பலாமாங்கற ரெண்டு தகவலும் கூடவே வரும்.

அந்த ரெண்டு தகவலையும் விட்டுட்டு வெறும் மதிப்பை மட்டும் சேமிச்சுக் கொடுக்கற ஆளை நடுவுல வச்சா, புது ஆபத்து. மீட்டர் செத்துப்போய் ஒரு மணி நேரம் ஆனாலும் கடைசி மதிப்பை சிரிச்ச முகத்தோட கொடுத்துக்கிட்டே இருப்பார். மோட்பஸ்லயே பேசற நடு ஆளா இருந்தா, மதிப்பு ரொம்பப் பழசானதும் பிழை 0B, அதாவது பின்னாடி இருக்கிற சாதனம் பதில் தரலைன்னு சொல்லணும்.

நம்ம மீட்டர்ல இதை வச்சுப் பார்த்தா: ஒரு நாற்காலி படிக்கிறவருக்கு, ஒண்ணு அவரோட மாற்று ஆளுக்கு, ஒண்ணு லேப்டாப்போட வர்றவருக்காகக் காலியா, நாலாவது இருப்பு. வேகமா மாறற கரன்ட், வோல்டேஜ் 1 விநாடிக்கு ஒரு தடவை. யூனிட் கணக்கு 60 விநாடிக்கு ஒரு தடவை போதும். வெட்டுப்பட்டா உடனே ஓடிவராம 1, 2, 4 விநாடின்னு இடைவெளியைக் கூட்டிக்கிட்டே திரும்ப முயற்சிக்கணும்.

கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, 1979ல கம்பி கட்டாயப்படுத்தின விதியை ஈதர்நெட்ல நாமே கையால கட்டிக்கிறோம். ஒரு மாஸ்டர். மத்தவங்க வரிசையில.

உங்க மீட்டருக்கு எத்தனை நாற்காலின்னு கையேட்டுல தேடிப் பாருங்க. இல்லைன்னா ஒவ்வொரு கனெக்ஷனா திறந்து எண்ணுங்க, எத்தனாவதுல என்ன ஆகுதுன்னு பின்னூட்டத்துல போடுங்க. ஓடிக்கிட்டிருக்கிற பிளான்ட்ல மட்டும் எண்ணிடாதீங்க, உங்களால வெளியே போறவர் கட்டுப்பாட்டு அறையா இருக்கலாம்.