நாடு கடந்த கணினி விளையாட்டுப் பரிசும் வட்டாரத் தடையும்

ஓர் இணைய அங்காடியில் கணினி விளையாட்டொன்றை வாங்கி, அதை வேறொரு நாட்டிலுள்ள நண்பரின் கணக்கில் சேர்ப்பது நாடு கடந்த விளையாட்டுப் பரிசு ஆகும். இதில் குறுவட்டோ பெட்டியோ கைமாறுவதில்லை. விளையாட்டைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே ஒரு கணக்கில் பதிவாகிறது. அந்த உரிமம் எந்த நாட்டில் செல்லும் என்பதை அங்காடியும் வெளியீட்டாளரும் முடிவு செய்கின்றனர். இந்த வரம்பு வட்டாரத் தடை எனப்படும். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் தொடங்கிய ஸ்டீம் அங்காடியின் வரலாற்றில் இத்தடை உருவான விதத்தைத் தெளிவாகக் காணலாம்.

தடையின் காரணம்

ஒரே விளையாட்டு எல்லா நாடுகளிலும் ஒரே விலைக்கு விற்கப்படுவதில்லை. மக்களின் வருமானம் குறைவாகவும் திருட்டுப் படிகள் மிகுதியாகவும் உள்ள நாடுகளில் வெளியீட்டாளர்கள் விலையைக் குறைத்து வைக்கின்றனர். ரஷ்யாவில் ஸ்டீம் பின்பற்றிய முறையும் இதுவே. ஒரு விளையாட்டின் கூடுதல் படியை உருவாக்க ஏறத்தாழச் செலவே இல்லாததால், குறைந்த விலையிலும் விற்பனையாளருக்கு வருவாய் உண்டு.

ஆனால் மலிவான நாட்டில் வாங்கியதை விலை மிகுந்த நாட்டுக்கு எளிதாக அனுப்ப முடிந்தால், இரண்டாவது நாட்டினர் தம் ஊர் விலையைக் கொடுக்க மாட்டார்கள். உண்மையான நண்பர் அனுப்பும் பரிசையும் வணிகர் அனுப்பும் 'பரிசையும்' கணினியால் பிரித்தறிய இயலாது. எனவே வணிகரைத் தடுக்க வந்த விதிகள் நண்பர்களையும் கட்டுப்படுத்தின.

ஆரஞ்சு பாக்ஸ் நிகழ்வு (2007)

2007 அக்டோபரில் வால்வ் நிறுவனம் 'தி ஆரஞ்சு பாக்ஸ்' என்னும் விளையாட்டுத் தொகுப்பை வெளியிட்டது. தாய்லாந்தில் அதன் பெட்டி மலிவாகக் கிடைத்தது. மேலை நாட்டினர் சிலர் தாய்லாந்துக் கடைகளிலிருந்து அதை இணையம் வழியாக வாங்கினர். பெட்டியிலிருந்த குறியீடு முதலில் அவர்களின் கணக்குகளில் ஏற்கப்பட்டது. சில நாட்களில் அந்தத் தொகுப்பு முடக்கப்பட்டது. குறிப்பிட்ட வட்டாரத்துக்கென விற்கப்பட்ட படி அங்கு மட்டுமே செல்லும் என்று வால்வ் விளக்கம் தந்தது.

பணம் கொடுத்து, முத்திரை பிரிக்காத அசல் பெட்டியை வாங்கியவர்களே இதில் பாதிக்கப்பட்டனர். பெட்டி கையில் இருந்தாலும் உரிமத்தின் கட்டுப்பாடு நிறுவனத்திடமே உள்ளது என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தனர்.

பரிசே வணிகமான காலம் (2011–2014)

அக்காலத்தில் ஸ்டீமில் பரிசாக வாங்கிய விளையாட்டை உடனே அனுப்ப வேண்டியதில்லை. அது வாங்கியவரின் இருப்பில் ஒரு பொருளைப் போல இருக்கும். விரும்பும்போது விரும்பியவருக்குத் தரலாம். 2011 ஆகஸ்டில் பயனர்கள் தமக்குள் பொருள்களைப் பண்டமாற்று செய்யும் வசதி அறிமுகமானபோது, இந்தப் பரிசுகளும் அதில் இடம்பெற்றன. தள்ளுபடி நாட்களில் பல படிகளை வாங்கி வைத்து, விலை ஏறிய பின் வெளிநாட்டவருக்கு விற்கும் வழக்கம் வளர்ந்தது.

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டாலர் ஏறத்தாழ 33 ரூபிளாக இருந்தது. டிசம்பர் நடுவில் அது 80 ரூபிள் அளவுக்குச் சென்று மீண்டது. அங்காடியில் ரூபிள் விலைகள் உடனே மாறாததால், ரஷ்ய விலை டாலர் கணக்கில் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த மாதமே ஸ்டீம் புதிய தடையைக் கொண்டுவந்தது. ரஷ்யாவிலும் விலை குறைந்த வேறு சில வட்டாரங்களிலும் வாங்கிய பரிசுகளை அந்தந்த வட்டாரத்துக்கு வெளியே செயல்படுத்த முடியாமல் போயிற்று.

2017ஆம் ஆண்டின் மாற்றம்

2017 மே மாதத்தில் பரிசு முறையே மாற்றப்பட்டது. பரிசை இருப்பில் சேர்த்து வைக்கும் வசதி நீக்கப்பட்டது. வாங்கும்போதே பெறுநரை நண்பர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பிறந்தநாள் போன்ற நாளுக்கு அனுப்பும் தேதியை முன்கூட்டியே குறிக்கலாம். நண்பர் பரிசை மறுத்தால் பணம் வாங்கியவருக்கே திரும்பும். இரு நாடுகளின் விலைகளுக்கிடையே பெரிய வேறுபாடு இருந்தால் பரிசளிக்க இயலாது. அது பணம் செலுத்தும் முன்பே தெரிவிக்கப்படும்.

முன்பு பரிசு சென்று சேர்ந்த பிறகே அது பயன்படாது என்று தெரிய வந்த நிலை இதனால் பெருமளவு குறைந்தது.

ஓர் எடுத்துக்காட்டு

மதுரையில் உள்ள ஒருவர் கனடாவில் உள்ள நண்பருக்கு ஒரு விளையாட்டைப் பரிசளிக்க விரும்புவதாகக் கொள்வோம். இந்தியாவில் அதன் விலை 600 ரூபாய். கனடாவின் விலை ரூபாய்க் கணக்கில் 1,500 என்க. இவர் நண்பரின் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதே அவருக்கு அனுப்ப இயலாது என்ற அறிவிப்பு வரும். பணம் எடுக்கப்படாது. எதிர்த்திசையில், கனடா நண்பர் மதுரைக்கு அனுப்பினால் பொதுவாகத் தடை இராது. ஏனெனில் அவர் கூடிய விலையைக் கொடுக்கிறார்.

இங்குக் கணக்கிடப்படுவது நண்பரின் குடியுரிமை அன்று. அவருடைய கணக்கு எந்த நாட்டில் பதிவாகியுள்ளது என்பதே. ஆகவே படிக்கவோ பணிக்கோ வெளிநாடு சென்றவரிடம் இதை முதலில் கேட்டறிவது நல்லது.

தடை வந்தால் எண்ணிமப் பரிசு அட்டை ஒரு மாற்று வழி. நண்பர் பட்டியலில் குறைந்தது மூன்று நாட்களாக இருப்பவருக்கே அதை அனுப்ப முடியும். அட்டையின் தொகை நண்பரின் நாட்டுப் பணமாக மாறி அவர் கணக்கில் சேரும். அதைக் கொண்டு அவர் தம் ஊர் விலைக்கே வாங்குவார். 600 ரூபாய் அட்டை அனுப்பினால் மீதி 900 ரூபாய் அளவை அவர் போட வேண்டும். இருப்பிடத்தை மறைத்து வேறு நாட்டவர்போல வாங்குவது ஸ்டீம் ஒப்பந்தத்துக்கு மாறானது. கணக்கையே இழக்க நேரிடலாம்.

வெளிக்கடைகளில் வாங்கும் குறியீடுகளில் கூடுதல் கவனம் தேவை. அவற்றில் இருவகைத் தடைகள் உண்டு. ஒன்று, குறிப்பிட்ட நாட்டில் மட்டுமே செயல்படுத்த விடும். மற்றொன்று, குறிப்பிட்ட நாட்டில் மட்டுமே விளையாட விடும்.

ஐரோப்பிய ஆணையத்தின் தீர்ப்பு

இத்தகைய குறியீடுகளே ஐரோப்பாவில் வழக்குக்குக் காரணமாயின. போலந்து, செக்கியா, ஹங்கேரி, ருமேனியா, ஸ்லோவாக்கியா, பால்டிக் நாடுகள் ஆகியவற்றில் விற்ற குறியீடுகள் மற்ற ஐரோப்பிய நாடுகளில் செல்லாதபடி தடுக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 100 விளையாட்டுகள் இதில் அடங்கும். ஒன்றியத்துக்குள் சந்தையைப் பிரிப்பது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று ஐரோப்பிய ஆணையம் 2021 ஜனவரி 20 அன்று முடிவு செய்தது. வால்வுக்கும் ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் மொத்தம் 78 இலட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அதில் வால்வின் பங்கு 16 இலட்சம் யூரோவுக்குச் சற்று மேல். விசாரணைக்கு ஒத்துழைத்ததால் வெளியீட்டாளர்களின் தொகை குறைக்கப்பட்டது; வால்வுக்கு அச்சலுகை கிடைக்கவில்லை.

பதிப்புரிமையைக் காக்கவே தடை என்ற வாதத்துடன் வால்வ் மேல்முறையீடு செய்தது. அத்தடைகளின் நோக்கம் மலிவான படிகளின் வரவைத் தடுத்து, கூடிய விலையைக் காப்பதே என்று கூறி, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2023 செப்டம்பர் 27 அன்று அதைத் தள்ளுபடி செய்தது.

இத்தீர்ப்பு ஐரோப்பியச் சந்தைக்குள் மட்டுமே பொருந்தும். இந்தியாவுக்கும் கனடாவுக்கும் இடையே அத்தகைய பொதுச் சந்தை இல்லை. எனவே மதுரையிலிருந்து செல்லும் பரிசை அங்காடியின் விதியே இன்றும் தீர்மானிக்கிறது.