பண்டிகை முன்பணம்: சம தவணைப் பிடித்தம்

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்குப் பண்டிகையை ஒட்டி வட்டியின்றித் தரப்படும் சம்பள முன்பணம். 10,000 ரூபாயாக இருந்த இதை 20,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2025இல் வந்தது. இது பத்து சம தவணைகளில் சம்பளத்தில் பிடிக்கப்படும். 20,000 வாங்கியவருக்கு மாதம் 2,000.

மொத்தச் சம்பளம் 42,000, வழக்கமான பிடித்தங்கள் 7,600 என்றால் கைக்கு வருவது 34,400 ரூபாய். தவணை தொடங்கிய மாதம் முதல் அது 32,400. மொத்தச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தவணை ஐந்து சதவீதத்துக்கும் குறைவு; ஆனால் வாடகையும் மளிகையும் கைக்கு வரும் தொகையிலிருந்துதான் போகின்றன. அதில் இது ஏறத்தாழ ஆறு சதவீதம். திட்டமிடுகிறவர் பார்க்க வேண்டிய கணக்கு இந்த இரண்டாவதுதான்.

தவணை பிடிப்பதால் வருமான வரியோ ஓய்வூதியப் பங்களிப்போ குறையாது. வாங்கிய கடனைத் திருப்பும் தொகை என்பதால் சம்பளச் சீட்டில் மொத்தச் சம்பளம் மாறாமலே இருக்கும்.

சிக்கல் வருவது ஊதியமில்லா விடுப்பில். ஐந்து நாள் சம்பளம் போனால் மேற்சொன்னவருக்குச் சுமார் 7,000 ரூபாய் இழப்பு. சம்பளத்தோடு பங்களிப்பு சற்றுக் குறையும், தவணை குறையாது. கையில் 26,000 அளவே மிஞ்சும்.

சமமாக வகுபடாத தொகையில் மீதி கடைசித் தவணையில் சேரும்: 10,000 ரூபாயை மூன்றாகப் பிரித்தால் 3,333, 3,333, 3,334. சீட்டில் தவணை எண் 10/10 வந்த மறுமாதமும் பிடித்தம் தொடர்ந்தால், சம்பளப் பட்டியல் தயாரிப்பவரிடம் உடனே சொல்லித் திருத்த வேண்டும்.