அமர்வுக்கு முந்தைய தனிச் சந்திப்பு: அமெரிக்க அஞ்சல் துறையின் சமரசப் படிவங்கள் குறித்து ஒரு மறுவாசிப்பு

அமெரிக்க அஞ்சல் துறையின் ‘ரெட்ரெஸ்’ திட்டத்தில், பணியிடப் பூசலுக்கான சமரச அமர்வு முடிந்ததும் இரு தரப்பினரும் ஒரு படிவத்தை நிரப்பினர். திட்டம் 1994இல் புளோரிடாவில் சோதனையாகத் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. லிசா பிங்காம் குழுவினர் ஆராய்ந்த அப்படிவங்களில், அமர்வு நடந்த விதம் நிறைவளித்தது என்றோர் 90 விழுக்காட்டுக்கும் மேல். கிடைத்த முடிவு நிறைவளித்தது என்றோரோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர்தான்.

மனக்குறையைக் கொட்ட இடம் கிடைத்ததே பெரும்பயன் என்று இந்த இடைவெளியை விளக்குவது வழக்கம். அப்படியானால் அமர்வுக்கான முன்தயாரிப்புக்கு வேலையே இல்லை. இந்த வாசிப்பு ஏற்கத்தக்கதன்று. அமர்வு முடிந்த கையோடு நிரப்பிய படிவம் அன்றைய ஆறுதலைக் காட்டும்; அடுத்த மாதத்தைக் காட்டாது. அங்கே வந்தவை பெரும்பாலும் மேலதிகாரி மீதான பாகுபாட்டுப் புகார்கள் என்பதால், சமநிலையில் உள்ள சக ஊழியர்களுக்கு படிவங்கள் காட்டுவதைப் பொருத்துவதில் எச்சரிக்கை தேவை. ஆயினும் குறை எங்கே விழுகிறது என்பது புலப்படுகிறது: பேசியது செய்யக்கூடிய கோரிக்கையாக மாறாத இடத்தில்.

ஒரு கற்பனை வழக்கைப் பார்க்கலாம். மருத்துவமனை ஒன்றில் இரண்டு செவிலியர். பணிமாற்றக் குறிப்பை மற்றவர் அரைகுறையாக விட்டுச் செல்கிறார் என்பது முதலாமவர் குறை. எல்லார் முன்னும் தம்மைக் கண்டிக்கிறார் என்பது இரண்டாமவர் குறை. கூட்டு அமர்வில் ஒவ்வொருவரும் குறுக்கீடின்றிப் பேசுவர், சமரசர் பிரச்சினைகளை வரிசைப்படுத்துவார், பிறகு நேர் உரையாடல், தேவைப்பட்டால் தனித்தனியே பேச்சு, இறுதியில் எழுத்து. ஆனால் “எப்போதுமே இப்படித்தான்” என்று முதலாமவர் தொடங்கினால் மற்றவர் தற்காப்புக்குப் போய்விடுவார். அதன்பின் அமர்வு முழுவதும் பழைய கணக்கே.

கூட்டு அமர்வுக்கு முன்பே சமரசர் இருவரையும் தனித்தனியே சந்திப்பதன் பயன் இங்கேதான். தேதியோடு ஒரு நிகழ்ச்சி, அதனால் வேலையில் நேர்ந்தது, இனி வேண்டுவது: இம்மூன்றையும் ஒரு பக்கத்துக்குள் எழுதிவைத்தால் போதும். வேண்டுவது எதிரே இருப்பவரால் செய்யக்கூடியதா என்றும் பார்க்க வேண்டும். பணிநேர அட்டவணையை மாற்றும் அதிகாரம் மேற்பார்வையாளரிடம் இருந்தால், அவரது சம்மதத்தின் எல்லையை முன்னதாகவே கேட்டுக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால் மாலையில் எட்டிய உடன்பாடு மறுநாளே காகிதமாகும். அமர்வில் சொன்னவற்றில் எவை வெளியே போகக்கூடாது என்பதையும் அப்போதே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

தயாரித்த பேச்சு இயல்பைக் கெடுக்கும் என்பர். ஆனால் எழுதியதை வாசிக்கும்படி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. மிரட்டலோ பாலியல் தொல்லையோ இருந்தால் சமரச மேசையே பொருத்தமற்றது. முறையான விசாரணைதான் வழி.

“பரஸ்பர மரியாதையுடன் நடப்போம்” என்று மட்டும் எழுதிய உடன்பாட்டை ஒருவர் மீறினாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. “பணிமாற்றக் குறிப்பை வார்டை விட்டுக் கிளம்பும் முன் எழுதி முடிப்பேன், குறை இருந்தால் நோயாளிகள் முன்னிலையில் அல்லாமல் செவிலியர் அறையில் சொல்வேன், ஆறு வாரத்தில் இருவரும் மீண்டும் உட்கார்ந்து பார்ப்போம்” என்பதில் ஒவ்வொன்றையும் சரிபார்க்கலாம். படிவங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அந்த ஆறாம் வாரத்தைப் பற்றியது.