கிலோ 240 ரூபாய்க்கு ஏலம் போகும் மீன்... படகுக்கு ஆகும் செலவு எவ்வளவு? காசிமேடு கணக்கு இதுதான்!

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகு 3 டன் மீனோடு கரை திரும்பினால், "நல்ல பாடு, லாபம்தான்" என்று வேடிக்கை பார்ப்பவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் அதே படகில் 8 நாள் வேலை பார்த்த தொழிலாளி சில நேரம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். எப்படி? ஒரு கிலோ மீனுக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இங்கே சொல்லப்படும் தொகைகள் கணக்கைப் புரிந்துகொள்ள எடுத்துக்கொண்ட உதாரணம். படகின் நீளம், இன்ஜின் திறன், கடலில் தங்கும் நாட்களைப் பொறுத்து இது கூடும், குறையும். கணக்குப் போடும் முறை மட்டும் பெரும்பாலும் இதேதான்.

வலை போடும் முன்பே ஆகும் செலவு

8 பேரோடு 8 நாள் தங்கல் போகும் இழுவலைப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு 2,500 லிட்டர் டீசல் பிடிக்க வேண்டும். லிட்டர் 90 ரூபாய் என்றால் 2,25,000 ரூபாய். அடுத்தது ஐஸ். ஒரு பார் சுமார் 50 கிலோ இருக்கும். 200 பார் ஏற்றினால், பார் 100 ரூபாய் வீதம் 20,000 ரூபாய். அரிசி, காய்கறி, குடிநீர், கேஸ் எல்லாம் சேர்த்து 25,000. இன்ஜின் ஆயில், கயிறு, சில்லறை ரிப்பேருக்கு 15,000. ஆக மொத்தம் 2,85,000 ரூபாய்.

இதில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு டீசல்தான். இழுவலைப் படகு ஒரு இடத்தில் நின்று மீன் பிடிப்பதில்லை. வலையை அடித்தளத்தில் விட்டு மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே போக வேண்டும். மடியில் மீன் விழுந்தாலும் விழாவிட்டாலும் டீசல் ஒரே அளவில்தான் எரியும். மீனவர்களுக்கு விற்பனை வரி விலக்கோடு மானிய டீசல் உண்டு. ஆனால் அதற்கு ஒரு படகுக்கு இவ்வளவு லிட்டர் என்ற வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் பங்க் விலைதான்.

மூன்று டன்னும் மீன்தானா?

படகு 3,000 கிலோவோடு திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,85,000 ரூபாயை 3,000 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 95 ரூபாய். கேட்பதற்கு நன்றாக இருக்கும் இந்த எண்ணை நம்பித்தான் பலரும் தப்புக் கணக்கு போடுகிறார்கள்.

காரணம், அந்த மூன்று டன்னும் ஒரே சரக்கு இல்லை. சங்கரா, வஞ்சிரம், கணவாய், இறால் என நல்ல விலை போகும் மீன் 1,800 கிலோ. பொடி மீனும் நசுங்கிய மீனுமாக 900 கிலோ. இது கோழித் தீவனத்துக்கும் மீன் தூளுக்கும் போகும். கிலோ 20 ரூபாய் கிடைத்தாலே பெரிது. மீதி 300 கிலோ, முதல் இரண்டு நாளில் பிடித்து ஐஸ் போதாமல் கெட்டுப்போன மீன். இதை யாரும் வாங்க மாட்டார்கள். இந்த மூன்றையும் பிடிக்க எரிந்தது ஒரே டீசல்தான்.

பங்கு பிரிப்பது எப்படி?

நல்ல மீன் சராசரியாகக் கிலோ 240 ரூபாய்க்கு ஏலம் போனால் 4,32,000 ரூபாய். பொடி மீனுக்கு 18,000. மொத்தம் 4,50,000. இதில் ஏலக் கமிஷன் 4 சதவீதம் என்றால் 18,000 போய்விடும். அதற்குப் பிறகு 2,85,000 ரூபாய் செலவைக் கழிக்க, மிஞ்சுவது 1,47,000 ரூபாய்.

இந்த மிச்சத்தைத்தான் படகு உரிமையாளரும் தொழிலாளர்களும் பிரித்துக்கொள்வார்கள். விகிதம் துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும். 60-க்கு 40 என்று எடுத்துக்கொண்டால் தொழிலாளர்களுக்கு 58,800 ரூபாய். படகு ஓட்டும் ஸ்ராங்குக்கு இரண்டு பங்கு, மற்ற 7 பேருக்கு தலா ஒரு பங்கு என்றால், ஒரு பங்கு சுமார் 6,530 ரூபாய். 8 நாளுக்கு வகுத்துப் பாருங்க, நாளுக்கு 800 ரூபாய் சொச்சம். அதுவும் ராத்திரி பகல் பார்க்காத வேலைக்கு.

இப்போது கிலோ கணக்குக்குத் திரும்புவோம். பயணச் செலவு, கமிஷன், தொழிலாளர் பங்கு மூன்றையும் கூட்டினால் 3,61,800 ரூபாய். பொடி மீன் கொடுத்த 18,000-ஐக் கழித்து, நல்ல மீன் 1,800 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 191 ரூபாய். 95 என்று ஆரம்பித்த எண் இப்போது இரட்டிப்பாகிவிட்டது. 240-க்கும் 191-க்கும் நடுவில் இருக்கும் 49 ரூபாய்தான் உரிமையாளருக்கு. மொத்தமாக 88,200 ரூபாய்.

பாடு குறைந்தால்?

அடுத்த பயணத்தில் நல்ல மீன் 1,000 கிலோவும் பொடி மீன் 500 கிலோவும்தான் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். விலையில் மாற்றம் இல்லை. வரவு 2,50,000. கமிஷன் போக 2,40,000. செலவோ அதே 2,85,000. நல்ல மீனுக்கு அடக்க விலை கிலோ 285 ரூபாயாக ஏறிவிடும். 240-க்கு விற்றால் 45,000 ரூபாய் நஷ்டம்.

பிரிக்க எதுவும் இல்லாததால் தொழிலாளிக்குப் பங்கு பூஜ்யம். வீட்டுச் செலவுக்கு உரிமையாளர் கொடுக்கும் தொகை பெரும்பாலும் முன்பணமாக எழுதப்பட்டு, அடுத்த பயணத்தில் பிடிக்கப்படும். இந்தப் படகுக்கு நல்ல மீன் சுமார் 1,190 கிலோ வந்தால்தான் போட்ட காசாவது திரும்பும்.

டீசல் விலை உயர்வும் இதே வழியில்தான் இறங்குகிறது. லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் பயணத்துக்கு 25,000 ரூபாய் கூடும். அது படகு ஓனர் தலையில்தான் விழும் என்று நினைப்போம். ஆனால் பிரிப்பதற்கு முன்பே செலவு கழிக்கப்படுவதால், அதில் 10,000 ரூபாய் தொழிலாளர்களின் பங்கில் இருந்து போகிறது.

100 பார் ஐஸ் செய்யும் வேலை

கெட்டுப்போன அந்த 300 கிலோவைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். செவுள் சிவப்பு மாறிப் பழுப்பாகி, கண் உள்ளே போய், விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றுவிட்டால் ஏலத்தில் அந்த மீனுக்கு மதிப்பில்லை. கூடுதலாக 100 பார் ஏற்றியிருந்தால் செலவு 10,000 ரூபாய். அந்த 300 கிலோவும் 240 ரூபாய்க்குப் போயிருந்தால் வரவு 72,000. அப்போது ஒரு பங்கு 6,530-ல் இருந்து சுமார் 9,160 ரூபாய் ஆகியிருக்கும். நல்ல மீனின் அடக்க விலையும் 191-ல் இருந்து 181-க்கு இறங்கியிருக்கும். ஐஸ் அதிகம் ஏற்றினால் படகின் எடை கூடும், மீன் வைக்கும் இடமும் குறையும் என்பதால் ஸ்ராங்குகள் அளந்துதான் ஏற்றுகிறார்கள்.

மீன் நன்றாக இருந்தும் விலை போகாத நாளும் உண்டு. ஒரே காலையில் நிறைய படகு கரை சேர்ந்தால் விலை சரியும். புரட்டாசி மாதம் சொல்லவே வேண்டாம். தேங்கிய மீன் கருவாட்டுக்குக் குறைந்த விலையில் போய்விடும். அப்போது மேலே சொன்ன 240 என்ற எண்ணே மாறிவிடும், அடக்க விலை மட்டும் பெரிதாக இறங்காது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஏலம் பெரும்பாலும் கூடைக் கணக்கில், பெட்டிக் கணக்கில் நடக்கும். ஒவ்வொரு கூடையும் எடை போடப்படாததால், கிலோ அடக்க விலை பல படகுகளில் உத்தேசமாகத்தான் இருக்கும்.

உரிமையாளருக்கு மிஞ்சும் 88,200 ரூபாயும் முழுசாகக் கைக்கு வராது. கிழிந்த வலைக்குப் பதில் புது வலை, படகுக் கடனுக்கான தவணை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி பெயிண்ட் அடித்துப் பழுது பார்க்கும் செலவு எல்லாம் இதில் இருந்துதான் போக வேண்டும். அந்த 61 நாளும் படகுக்கு வரவே கிடையாது.