ஃபையர்ஆபென்ட்

இந்த ஜெர்மன் சொல்லை 'மாலை ஓய்வு' என்று மொழிபெயர்த்திருந்ததைப் படித்தேன், பொருள் நழுவிவிட்டது. 'ஃபையர்' விழா, 'ஆபென்ட்' மாலை. முன்பு திருநாளுக்கு முந்தைய மாலையைக் குறித்தது. சனிக்கிழமைக்கு 'சொன்ஆபென்ட்', அதாவது ஞாயிறின் முன்மாலை, என்ற பெயர் இன்றும் உண்டு. கைவினைஞர் வழக்கில் ஃபையர்ஆபென்ட் அன்றாட வேலை முடியும் நேரமானது. மாலை என்ற பொருளும் தேய்ந்துவிட்டது: இரவுப்பணி முடித்து விடியற்காலை ஆறு மணிக்குக் கிளம்பும் செவிலியரையும் 'ஷோனன் ஃபையர்ஆபென்ட்' என்று வாழ்த்தியே அனுப்புகிறார்கள். சண்டையில் அதே சொல் 'போதும், நிறுத்து!' என்று அதட்டும். 'ஓய்வு' என்பதில் வேலை இத்தோடு முடிந்தது என்ற இந்தக் கோடு இல்லை. 'பள்ளிக்கூடம் விட்டாச்சு', 'மில் விட்டாச்சு' என்கிறோமே, அந்த 'விடு'வில் இருக்கிறது. 'வேலை விட்ட வேளை' என்றே நான் எழுதுவேன்.