உணவகச் சமையலறைப் பணிக்காயங்கள்: வெப்ப அயர்ச்சி, வழுக்கல், சுமை தூக்கல்

உணவகங்களிலும் விடுதிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் சமைப்போர், பாத்திரம் கழுவுவோர், எடுபிடி வேலை செய்வோர் ஆகியோருக்கு வேலையின்போது ஏற்படும் பாதிப்புகளுள் மூன்று வகைகள் முக்கியமானவை. அடுப்புச் சூட்டால் உடல் தளர்வது, ஈரத்திலும் எண்ணெயிலும் கால் வழுக்குவது, பாரம் தூக்கி முதுகு பிடித்துக்கொள்வது ஆகியவையே அவை. இம்மூன்றும் ஒன்றையொன்று வளர்ப்பவை. மூடாத அண்டாவிலிருந்து எழும் ஆவி சமையல்காரரை வாட்டுகிறது. பின்பு சுவரிலும் தரையிலும் நீராகப் படிகிறது. அந்தத் தரையில்தான் கொதிக்கும் சாம்பாரை ஒருவர் சுமந்து செல்கிறார். ஆகவே ஒரே மாற்றம் மூன்று ஆபத்துகளையும் ஒருசேரக் குறைக்கக்கூடும். இக்கட்டுரை தமிழ்நாட்டின் நடுத்தர உணவகச் சமையலறையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

வெப்ப அயர்ச்சி

சமையலறைச் சூடு மூன்று வழிகளில் உடலைத் தாக்குகிறது. அறைக்காற்று சூடாக இருப்பது ஒன்று. தோசைக்கல், பரோட்டாக்கல், பர்னர் ஆகியவற்றிலிருந்து கதிர்வீச்சாக வரும் அனல் இரண்டாவது. காற்று குளிர்ந்திருந்தாலும் இது முகத்தையும் மார்பையும் சுடும். இட்லிக் கொப்பரை, சோற்று அண்டா, பாத்திரம் கழுவும் தொட்டி ஆகியவற்றின் ஆவி மூன்றாவது. ஈரப்பதம் ஏறினால் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும்.

இதனால் சாதாரண வெப்பமானி மட்டும் சமையலறைச் சூட்டைச் சரியாகக் காட்டாது. தொழில்நல வல்லுநர்கள் ஈரக்குமிழ், கருங்கோளம் ஆகிய இரு வெப்பமானிகளையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு குறியீட்டைப் பயன்படுத்துகிறார்கள். வெயில் படாத உள்ளறைகளில் ஈரக்குமிழ் அளவுக்கு 70 விழுக்காடு, அனலைக் காட்டும் கருங்கோள அளவுக்கு 30 விழுக்காடு என்பது கணக்கு. ஈரத்துக்கு இவ்வளவு கனம் கொடுக்கப்பட்டிருப்பதால், ஆவியை அடக்குவதே பெரும்பயன் தரும் முதல் வேலை என்பது விளங்கும்.

ஆவியைக் குறைக்கச் செலவில்லாத வழி மூடி. உலை கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடி போட்டால் ஆவியும் எரிவாயுச் செலவும் குறையும். அடுத்தது புகைக்கூண்டு. அது அடுப்பின் எல்லாப் பக்கமும் சுமார் 15 சென்டிமீட்டராவது வெளியே நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்து ஆவி தப்பி அறைக்குள் பரவும். பல சமையலறைகளில் எக்ஸாஸ்ட் விசிறி இருந்தும் பயன் இல்லாததற்குக் காரணம், வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரக் காற்றுக்கு வழி இல்லாமையே. இதை எளிதில் கண்டுபிடிக்கலாம். விசிறியை ஓடவிட்டுக் கதவைச் சற்றே திறந்தால் அது உள்நோக்கி இழுக்கப்படும். கூண்டின் விளிம்பருகே ஊதுவத்தியைப் பிடித்தால் புகை உள்ளே போகாமல் அலையும். சமைப்பவரின் முதுகுப்பக்கமாக வெளிக்காற்று வந்து, அடுப்பைக் கடந்து, கூண்டு வழியே வெளியேறும்படி சன்னலைத் திறந்துவிடுவதே தீர்வு. அடுப்புப் பக்கமிருந்து ஆள்மேல் வீசும்படி வைத்த விசிறி அனலையே முகத்தில் அள்ளி வீசும். பர்னர் தீயையும் அலைக்கழிக்கும்.

உடல் சூட்டுக்குப் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழக்கம் விட்டால் சில நாள்களிலேயே அது குறையத் தொடங்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கும், நீண்ட விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பியவருக்கும் ஆபத்து கூடுதலாக இருப்பது இதனால்தான். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம், புதியவருக்கு முதல் நாளில் வழக்கமான சூட்டு வேலையில் 20 விழுக்காடு மட்டும் கொடுத்து, பிறகு நாளுக்கு 20 விழுக்காடு கூட்டச் சொல்கிறது. உணவகத்தில் இதை முதல் வாரம் காய் வெட்டுதல், மாவு ஆட்டுதல் ஆகியவற்றோடு அடுப்படி நேரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதாக அமைக்கலாம்.

குடிநீரும் நேரம் பார்த்துக் குடிக்க வேண்டியது. தாகம் எடுக்கும்போது உடல் ஏற்கெனவே நீரை இழந்திருக்கும். 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர், ஏறத்தாழ 240 மில்லிலிட்டர், என்பது பொதுவான அளவு. ஒரு மணி நேரத்தில் சுமார் 1.4 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. பல மணி நேரம் வியர்ப்பவர்கள் உப்பிட்ட மோரும் சேர்த்துக்கொள்ளலாம்; இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கழிப்பறை தொலைவிலோ பூட்டியோ இருக்கும் இடங்களில், குறிப்பாகப் பெண்கள், தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பார்கள். அங்கே குடிநீர்க் குடம் வைப்பது மட்டும் போதாது. சிறுநீர் அடர்மஞ்சளாக இருப்பது நீர் போதவில்லை என்பதற்கு எளிய அடையாளம்.

தலைவலி, குமட்டல், கால்சதைப் பிடிப்பு, தலைசுற்றல் ஆகியவை வெப்ப அயர்ச்சியின் அறிகுறிகள். உளறல், தடுமாற்றம், நினைவிழத்தல் தோன்றினால் அது வெப்பவாதம். உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டி உயிருக்கே ஆபத்தாகும். உழைப்பால் வரும் வெப்பவாதத்தில் வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. வியர்ப்பதைப் பார்த்து ஆபத்தில்லை என்று எண்ணுவது தவறு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல், ஆளை நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

வழுக்கல்

வழுக்கி விழுவோர் பெரும்பாலும் பாத்திரம் கழுவுமிடம், வடை பொரிக்கும் அடுப்பின் முன்பகுதி, சமையலறைக்கும் பரிமாறும் இடத்துக்கும் நடுவிலுள்ள வாசல் ஆகிய மூன்று இடங்களில் விழுகிறார்கள். மெருகிட்ட கடப்பாக் கல்லும் கிரானைட்டும் உலர்ந்திருக்கையில் நன்றாகவே பிடிக்கும். சிறிதளவு எண்ணெயும் நீரும் கலந்தால் காலுக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய படலம் உண்டாகிப் பிடிமானம் போய்விடும்.

தரை துடைக்கும் முறையே பல இடங்களில் வழுக்கலுக்குக் காரணமாகிறது. பொரிக்கும் இடத்தைத் துடைத்த மாப்பை அழுக்கு வாளியில் நனைத்து மற்ற இடங்களையும் துடைத்தால், ஓரிடத்து எண்ணெய் அறை முழுதும் பூசப்படுகிறது. சோப்புக் கரைசலை ஊற்றிய உடனே இழுத்துவிட்டால் அது எண்ணெயைப் பிரிக்க நேரம் கிடைப்பதில்லை. கரைசலைத் தூவி, சில நிமிடம் ஊறவிட்டு, தூரிகையால் தேய்த்து, வெந்நீரால் கழுவி, வைப்பரால் சாக்கடை ஜாலிப் பக்கம் தள்ளி உலரவிட வேண்டும். எண்ணெய்ப் பகுதிக்குத் தனி மாப்பு வைப்பது நல்லது. வேலை நடுவே சிந்தியதை நீர் ஊற்றிக் கழுவாமல் உலர்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உலர்ந்த தரையில் விரலைத் தேய்த்துப் பார்த்து வழுவழுப்புத் தெரிந்தால், கழுவியது போதவில்லை என்று பொருள்.

தமிழ்நாட்டுச் சமையலறைகளில் பலர் வெறுங்காலோடோ ரப்பர்ச் செருப்போடோ வேலை செய்கிறார்கள். தேய்ந்த ரப்பர்ச் செருப்பு ஈரத்தில் பிடிக்காது. கொதிநீர் சிந்தினால் மேற்பாதத்தையும் காக்காது. அமெரிக்கப் பள்ளிச் சமையலறைத் தொழிலாளர்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஓர் ஒப்பீட்டாய்வில், வழுக்காத அடிப்பாகம் கொண்ட காலணிகளை நிர்வாகமே இலவசமாகக் கொடுத்தபோது, ஈரத்திலும் எண்ணெயிலும் வழுக்கியதற்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 67 விழுக்காடு குறைந்தன. அடிவரிப்பள்ளங்கள் தேய்ந்ததும் காலணியை மாற்றாவிட்டால் இந்தப் பயன் மறைந்துவிடும்.

சுமை தூக்கல்

சமையலறையில் அன்றாடம் தூக்கப்படுபவை 25 கிலோ அரிசிச் சிப்பம், 15 லிட்டர் எண்ணெய் டின், கிரைண்டர் கல், நிறைந்த அண்டாக்கள் ஆகியவை. 19 கிலோ எரிவாயு அடங்கிய வணிகச் சிலிண்டர், உருளையின் எடையும் சேர்ந்து 35 கிலோவைத் தாண்டும். எடை மட்டும் முதுகைப் பாதிப்பதில்லை. சுமை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்த உயரத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பவையும் அதே அளவுக்கு முக்கியம்.

அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் தூக்கல் சமன்பாடு இதைக் கணக்காகக் காட்டுகிறது. எல்லாம் சாதகமாக அமைந்த நிலையில் தூக்கத்தக்க எடை 23 கிலோ என்று அது தொடங்குகிறது. பிறகு ஒவ்வொரு பாதகத்துக்கும் அதைக் குறைக்கிறது. தரையில் கிடக்கும் 25 கிலோ சிப்பத்தை ஒருவர் எப்போதாவது தூக்கி மேடையில் வைக்கிறார் என்று கொள்வோம். கைகள் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்திலும் கணுக்காலிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னாலும் இருக்கின்றன. மேடையின் உயரம் 90 சென்டிமீட்டர். தள்ளி இருப்பதற்கு 0.625, தாழ்வாக இருப்பதற்கு 0.82, 75 சென்டிமீட்டர் ஏற்றுவதற்கு 0.88, பிடி இல்லாத சாக்குக்கு 0.90 என்று 23-ஐப் பெருக்கினால் கிடைப்பது சுமார் 9.3 கிலோ. சிப்பத்தின் எடை இதைப்போல் 2.7 மடங்கு.

அதே சிப்பம் 75 சென்டிமீட்டர் உயரப் பலகையில் இருந்து, உடம்போடு அணைத்து 30 சென்டிமீட்டர் தொலைவில் எடுக்கப்பட்டால் பரிந்துரை எடை 17 கிலோவுக்குச் சற்று மேல். எடை குறையாமலே ஆபத்து மடங்கு 1.5-க்கு அருகே இறங்கிவிடுகிறது. வேண்டிய அரிசியைச் சிப்பத்திலிருந்தே படியாலோ சிறு வாளியாலோ மொண்டு எடுத்தால் மடங்கு ஒன்றுக்கும் கீழே போகும். எனவே கனமானவற்றை இடுப்புயரத்திலும் லேசானவற்றை மேலும் கீழும் அடுக்குவது சரக்கறையின் முதல் விதி.

கொதிக்கும் அண்டாவை இறக்குவதே இவற்றுள் மிக ஆபத்தானது. 40 லிட்டர் சாம்பார் மட்டுமே 40 கிலோவுக்குக் குறையாது. திரவம் தளும்பும்போது பாரம் ஒரு பக்கமாகச் சாயும். பாதியைச் சிறு பாத்திரங்களுக்கு மொண்டுவிட்டு மீதியை இறக்குவது, அடுப்பின் உயரத்துக்கே அமைந்த சக்கரத் தள்ளுவண்டிக்கு நகர்த்துவது, அடியில் குழாய் வைத்த அண்டாவைப் பயன்படுத்துவது ஆகியவை பயனுள்ள மாற்றங்கள். மாவுக்குச் சாய்க்கும் கிரைண்டர் வாங்கினால் கல்லைத் தூக்கும் வேலையே இராது.

மாற்றங்களின் வரிசையும் எல்லையும்

மேற்கண்ட சமன்பாடு, அறைவெப்பம் 19 முதல் 26 பாகைக்குள் இருக்கும், தரை காலைப் பிடிக்கும், தூக்குபவர் ஒருவரே என்ற அனுமானங்களில் அமைந்தது. இவற்றுள் முதலிரண்டும் அடுப்படியில் பொதுவாகப் பொருந்துவதில்லை. ஆகவே அங்கே உண்மையான ஆபத்து கணக்கு காட்டுவதைவிடக் கூடுதல். சுமை தூக்கும் பயிற்சி மட்டும் அளிப்பது பயன்தராததற்கும் இது ஒரு காரணம். ஆவியை அடக்குதல், தூக்கும் தேவையை நீக்குதல், தரையை உலர்வாக வைத்தல் என்ற வரிசையில் தொடங்கி, காலணியையும் பயிற்சியையும் அதற்குப் பின் சேர்ப்பதே பொருத்தம்.

தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெளிவெப்பம் ஏறும் நாள்களில் சன்னலைத் திறப்பதன் பயன் குறையும். அந்நாள்களில் மதியப் பொரிப்பு வேலையை விடியற்காலைக்கு மாற்றுவது, அடுப்படி முறையைச் சுழற்றுவது, அனலுக்கு அப்பால் இளைப்பாற இடம் தருவது ஆகியவை தேவைப்படும். ஆள் பற்றாக்குறையால் ஒருவரே இருவர் வேலையைச் செய்யும் சமையலறையில் மூடியும் தள்ளுவண்டியும் ஓரளவுக்கே உதவும். இடைவேளைக்கு மாற்றாள் இல்லாதவரை வெப்ப அயர்ச்சி குறையாது.